பனிக்காலத்தில் கோல்டு ரூம் ஏன் குளிராமல் போகிறது? மலைக்காரர்களுக்கான ரெஃப்ரிஜரேஷன் வழிகாட்டி

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் சின்ன கோல்டு ரூம் வைத்திருப்பவர்கள் டிசம்பர், ஜனவரியில் ஒரே புகாரைச் சொல்வார்கள். பகலில் நன்றாக ஓடுகிற மெஷின், வெளியே பனி இறங்கும் இரவில் ரூமைக் குளிர்விக்க மாட்டேன் என்கிறது. கம்ப்ரசர் ஓடுகிறது, ஃபேன் சுற்றுகிறது, ரூம் மட்டும் 7 டிகிரியில் நிற்கிறது. வெளியே 4 டிகிரி. கதவைத் திறந்து வைத்தாலே இதைவிடக் குளிரும் என்று ஆட்கள் கேலி பேசுவார்கள்.

இதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம் "கேஸ் கம்மி". பெரும்பாலும் அது தப்பு. உண்மையான காரணம் புரிய வேண்டுமானால் கம்ப்ரசர், கண்டென்சர், எக்ஸ்பேன்ஷன் வால்வு, எவாப்பரேட்டர் நான்கும் ஒன்றையொன்று எப்படி இழுத்துப் பிடித்திருக்கின்றன என்று தெரிய வேண்டும். அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது ஊட்டி ஓரத்தில் கேரட் வைக்கிற ஒரு சிறிய ரூம். ஆர்-134ஏ கேஸ், கம்ப்ரசரும் கண்டென்சரும் உள்ள ஒரு குதிரைத்திறன் அளவிலான வெளி யூனிட், உள்ளே எவாப்பரேட்டர் காயிலும் ஃபேனும். கேத்தி பாலாடா பக்கம் கழுவி மூட்டை கட்டிய கேரட், மேட்டுப்பாளையம் லாரி ஏறும்வரை காத்திருக்கிற இடம்.

## படி 1: கொதிநிலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக இவ்வளவு நேரம் எடுக்கிறது. மேலே ஏறினால் காற்றழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்குகிறது. குக்கரில் மூடி அழுத்தத்தை ஏற்றினால் கொதிநிலையும் ஏறுகிறது.

ரெஃப்ரிஜரேஷன் முழுக்க இந்த ஒரே விஷயத்தின் மேல் நிற்கிறது. கொதிக்கும் திரவம் சுற்றிலும் உள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஆவி திரும்பத் திரவமாகும்போது அதே வெப்பத்தை வெளியே விடும். ஆர்-134ஏவின் சௌகரியம் என்னவென்றால், நாம் எளிதில் உண்டாக்கக்கூடிய அழுத்தங்களிலேயே அதை மைனஸ் 5 டிகிரியில் கொதிக்க வைக்கவும் முடியும், 35 டிகிரியில் திரவமாக்கவும் முடியும். உள்ளே காயிலில் மைனஸ் 5-ல் கொதித்தால் 2 டிகிரி ரூமிலிருந்து வெப்பம் அதற்குள் பாயும். வெளியே 35-ல் திரவமானால் 20 டிகிரி காற்றுக்கு வெப்பம் போகும். வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகிறது. அழுத்தத்தை மாற்றி கேஸை ஓரிடத்தில் ரூமைவிடக் குளிர்ச்சியாகவும் இன்னோரிடத்தில் வெளிக்காற்றைவிடச் சூடாகவும் வைக்கிறோம், அவ்வளவுதான்.

## படி 2: ஒரு கிலோ கேஸோடு ஒரு சுற்று

ஒரு கிலோ ஆர்-134ஏவைப் பின்தொடர்ந்து போவோம். ரூம் நல்ல நிலையில் ஓடும்போது எவாப்பரேட்டர் மைனஸ் 5-லும் கண்டென்சர் 35-லும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எவாப்பரேட்டரில் அது கொதித்து முடிக்கையில் ரூமிலிருந்து சுமார் 147 கிலோஜூல் வெப்பத்தை எடுத்திருக்கும். வெளியே வருவது முழுக்க ஆவி. அதைக் கம்ப்ரசர் இழுத்து அழுத்துகிறது. அழுத்துவதற்குச் செலவான வேலையும் ஆவிக்குள்ளேயே சேரும். சின்ன கம்ப்ரசர் என்றால் கிலோவுக்கு 40 கிலோஜூல் என்று வையுங்கள். கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் டிஸ்சார்ஜ் குழாயைத் தொட்டால் கை சுடும், 55, 60 டிகிரி இருக்கும். இப்போது அந்த ஆவி கண்டென்சருக்குப் போய் 187 கிலோஜூலையும் வெளிக்காற்றில் இறக்கிவிட்டுத் திரவமாகி ரிசீவர் என்கிற தொட்டியில் தங்குகிறது. 147-ம் 40-ம் சேர்ந்த 187. ரூமிலிருந்து எடுத்ததைவிடக் கண்டென்சர் வெளியே விடுவது அதிகம் என்பது இந்தக் கணக்கால்தான்.

ரிசீவரிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் டிரையர், உள்ளே ஓடும் திரவத்தைப் பார்க்க வைத்த சைட் கிளாஸ் வழியாக வந்த திரவம் எக்ஸ்பேன்ஷன் வால்வின் நுண் துளையில் நுழைந்து மறுபக்கம் வருகிறது. அங்கே அழுத்தம் திடீரென்று விழுகிறது. 35 டிகிரியில் இருந்த திரவம் மைனஸ் 5-க்கு இறங்க வேண்டும், அந்த வெப்பம் எங்காவது போயாக வேண்டும். ஆகவே அதிலேயே ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகி மீதியைக் குளிர்விக்கிறது. நம் கணக்கில் 27 சதவீதம் இப்படிப் போய்விடும். மீதி 73 சதவீதத் திரவம்தான் காயிலுக்குள் கொதித்து ரூமைக் குளிர்விக்கிறது.

இந்த ரூம் எவ்வளவு குளிர்விக்க வேண்டும்? ஒரு நாளில் 500 கிலோ கேரட் 18 டிகிரியில் உள்ளே வந்து, 10 மணி நேரத்தில் 2 டிகிரிக்கு வர வேண்டும் என்றால் சரக்குக்கு மட்டும் 870 வாட் அளவு தேவை. சுவர், கதவு திறப்பு, உள் ஃபேன், கேரட் மூச்சு விடும் வெப்பம் எல்லாம் சேர்த்து 2 கிலோவாட் என்று வைத்தால், வால்வு வழியாக நொடிக்கு 13, 14 கிராம் திரவம் போக வேண்டும். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பிரச்சினையே இந்த 14 கிராம் போகாததுதான்.

## படி 3: வால்வு எதைப் பார்த்துத் திறக்கிறது

கம்ப்ரசருக்கு எதுவும் தெரியாது. வருகிற ஆவியை இழுத்துத் தள்ளும், அவ்வளவே. கண்டென்சரும் அப்படித்தான். யோசிக்கிற மாதிரி நடந்துகொள்வது தெர்மோஸ்டாட்டிக் எக்ஸ்பேன்ஷன் வால்வு ஒன்றுதான், அதுவும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்கும்.

காயிலின் வெளி முனையில், கம்ப்ரசருக்குப் போகும் சக்ஷன் குழாயோடு ஒரு சின்ன பல்பு கட்டியிருக்கும். அதற்குள் இருக்கும் கேஸ், குழாய் சூடானால் அழுத்தம் கூடி வால்வின் டயஃப்ரம் என்கிற மெல்லிய தகட்டை மேலிருந்து தள்ளித் திறக்கும். கீழிருந்து காயிலின் அழுத்தமும் ஒரு ஸ்பிரிங்கும் மூடப் பார்க்கும். இந்த இழுபறியால் வால்வு காப்பாற்றுவது, குழாய் வெப்பநிலைக்கும் காயிலுக்குள் கேஸ் கொதிக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை. அதைத்தான் சூப்பர் ஹீட் என்கிறோம். 5, 6, 7 டிகிரிக்குள் இருந்தால் காயில் முழுக்க நனைந்திருக்கிறது, கம்ப்ரசருக்குத் திரவமும் போகவில்லை என்று அர்த்தம். 15 டிகிரி என்றால் காயிலின் பாதிக்கு மேல் காய்ந்து கிடக்கிறது. பூஜ்யத்தை நெருங்கினால் திரவம் கம்ப்ரசருக்கே போகிறது, அது கம்ப்ரசருக்குள் இருக்கும் வால்வு பிளேட்டை உடைக்கிற சமாச்சாரம்.

வால்வு முழுக்கத் திறந்தாலும் எவ்வளவு திரவம் போகும் என்பதை வால்வு தீர்மானிப்பதில்லை. துளைக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் தீர்மானிக்கிறது. அதாவது கண்டென்சர் தள்ளுகிற தள்ளு. வால்வு சின்னதா பெரியதா என்று டன் கணக்கில் லேபிளில் போட்டிருப்பது ஒரு குறிப்பிட்ட அழுத்த வித்தியாசத்துக்கான கணக்கு. வித்தியாசம் கால் பங்கானால் ஓட்டம் பாதியாகிவிடும், ஏனென்றால் ஓட்டம் அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தோடு போகிறது. மலையில் இரவில் நடப்பது இதுவே.

## படி 4: கேஜ் ரீடிங்கை மலைக்குத் தகுந்தபடி திருத்துங்கள்

கேஸ் குழாய்க்குள் இருக்கிற ஆர்-134ஏவுக்கு ஊட்டியும் தெரியாது, சென்னையும் தெரியாது. சீல் ஆன குழாய், வெளிக்காற்றோடு சம்பந்தமே இல்லை. கேஜ் அப்படியில்லை. அது காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். கடல் மட்டத்தில் காற்று 14.7 பிஎஸ்ஐ அழுத்துகிறது. 2240 மீட்டர் உயர ஊட்டியில் சுமார் 11.2 தான். ஆக, உள்ளே அதே அழுத்தம் இருந்தாலும் ஊட்டியில் கேஜ் 3.5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். குன்னூரில் 3 பிஎஸ்ஐ, கொடைக்கானலில் 3.3 என்று வைத்துக்கொள்ளலாம்.

கடையில் கிடைக்கும் அழுத்த சார்ட், கேஜ் முகத்திலேயே அச்சடித்திருக்கும் வெப்பநிலை வட்டம் இரண்டும் கடல் மட்டக் கணக்கு. ஆர்-134ஏவுக்கு ஊட்டிக் கணக்கு இப்படி:

| கேஸ் கொதிக்கும் வெப்பநிலை | சார்ட்டில் (பிஎஸ்ஐ) | ஊட்டியில் கேஜ் (பிஎஸ்ஐ) |
|---|---|---|
| −15 | 9 | 12.5 |
| −10 | 14.5 | 18 |
| −5 | 20.5 | 24 |
| 0 | 28 | 31.5 |
| 15 | 56 | 59.5 |
| 35 | 114 | 117.5 |

கண்டென்சர் பக்கமான ஹை சைடில் 3.5 பிஎஸ்ஐ ஒரு டிகிரி அளவுதான், விட்டுவிடலாம். சக்ஷன் பக்கம் விட முடியாது. ஊட்டியில் சக்ஷன் 28 காட்டுகிறது, சார்ட்டைப் பார்த்து 0 டிகிரி என்கிறீர்கள். உண்மையில் மைனஸ் 2.4. குழாய் 5 டிகிரி என்றால் நீங்கள் எழுதும் சூப்பர் ஹீட் 5, உண்மை 7.4. சமவெளியிலிருந்து வந்த மெக்கானிக் 'சூப்பர் ஹீட் கம்மியாக இருக்கிறதே' என்று வால்வை ஒரு திருப்பு இறுக்கிவிட்டுப் போவார். ஏற்கெனவே காய்கிற காயில் இன்னும் காயும்.

தெர்மோஸ்டாட்டிக் வால்வுக்கு இந்தத் தொல்லை இல்லை, டயஃப்ரத்தின் இரண்டு பக்கமும் சீல் ஆன கேஸ்தான். சக்ஷன் அழுத்தம் விழுந்தால் கம்ப்ரசரை நிறுத்தும் லோ பிரஷர் சுவிட்சுக்கு உண்டு. அது கேஜ் மாதிரி வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் வேலை செய்கிறது. 10 பிஎஸ்ஐயில் நிற்கும்படி சமவெளியில் செட் செய்த சுவிட்ச், கடல் மட்டத்தில் காயில் மைனஸ் 14-ல் நிறுத்தும், ஊட்டியில் ஏறத்தாழ மைனஸ் 18 வரை போகவிட்டு நிறுத்தும். நிறுவும்போதே ஏற்றி வைத்துவிடுவது நல்லது.

டிஜிட்டல் கேஜ் செட்டில் உயரம் அல்லது காற்றழுத்தம் பதிவு செய்ய இடம் இருந்தால் அதை முதலில் போடுங்கள். ஊசி கேஜ் என்றால் ஹோஸ் திறந்த நிலையில் ஊசி பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே உள்ள கணக்கைப் போடுங்கள்.

## படி 5: ஜனவரி இரவின் ரீடிங்

சரி, இப்போது நம் ரூமுக்கு வருவோம். இரவு, வெளியே 4 டிகிரி, வெளி யூனிட் காற்று வீசும் சரிவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. ரூம் 7 டிகிரியில் தேங்கி நிற்கிறது, 2-க்கு வர வேண்டும். கேஜ் மாட்டினால் ஹை சைட் 55, சக்ஷன் 15. பல்பு கட்டிய இடத்தில் குழாய் 4 டிகிரி. சைட் கிளாஸில் குமிழி ஓடுகிறது.

அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஹை சைட் 55 என்றால் கண்டென்சருக்குள் 13 டிகிரி. சக்ஷன் 15 என்றால் காயில் மைனஸ் 12.7. குழாய் 4. சூப்பர் ஹீட் 17-ஐ நெருங்குகிறது. காயில் பட்டினி கிடக்கிறது.

மெக்கானிக் தம்பி என்ன சொல்வார் தெரியும். "அண்ணா, ரெண்டு சைடும் கம்மி, கிளாஸ்ல குமிழி, கேஸ் லீக் ஆயிருக்கு. ஒரு அரை கிலோ போட்டா சரியாயிடும்." அவர் சொல்கிற மூன்று அடையாளமும் கேஸ் குறைந்தால் வருபவைதான். ஆனால் கேஸ் சரியான அளவில் உள்ள யூனிட்டும் குளிர் இரவில் இதே மூன்றையும் காட்டும்.

நடப்பது இப்படி. பகலில் காற்று 20 டிகிரி, கண்டென்சர் 35-ல் ஓடுகிறது. இரவில் காற்று 4 டிகிரிக்கு விழுந்ததும் கண்டென்சருக்கு வேலை ரொம்ப எளிதாகிவிட்டது. வெப்பம் வழிந்து ஓட, உள்ளே 13 டிகிரி இருந்தாலே போதும். கேஸின் அழுத்தம் அந்த 13-க்கு உரிய அளவுக்கு இறங்கிவிடுகிறது. பகலில் வால்வுக்கு முன்னும் பின்னும் 93, 94 பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தது (117.5-ல் 24 போனால்). இப்போது 55-ல் 15 போனால் 40. பாதிக்கும் கீழே. வால்வு முழுக்கத் திறந்தும் தேவையான 14 கிராம் வரவில்லை. குளிர்ந்த திரவம் வால்வில் குறைவாகவே ஆவியாகும், கிலோவுக்குக் குளிர்ச்சி கொஞ்சம் கூடும், அது கொஞ்சம் ஈடுகட்டும். ஆனால் முழுக்க ஈடாகாது. வால்வுக்கு அடுத்து, திரவத்தைக் காயிலுக்குள் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரும் குழாய்களும் அந்த 40-லேயே தங்கள் பங்கைத் தின்றுவிடுகின்றன.

கம்ப்ரசர் இதைப் பற்றிக் கவலைப்படாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. காயிலுக்கு வருவது குறைவு, போவது அதே வேகம். அதனால் சக்ஷன் அழுத்தம் விழுகிறது, காயில் மைனஸ் 12-க்குப் போகிறது, நனைந்த கொஞ்ச இடத்தில் பனி அடர்த்தியாகப் படிகிறது, மீதி காயில் வெறுமனே காற்றோடு விளையாடுகிறது. காயில் இவ்வளவு குளிர்ந்தும் நனைந்த பரப்பு போதாததால் ரூம் இறங்கவில்லை.

கண்டென்சரில் குறைந்த அழுத்தம் எப்போதும் நல்லது, கரண்ட் மிச்சம் என்று படித்திருப்போம். வால்வு தாங்கும் எல்லை வரைதான் அது உண்மை.

## படி 6: அட்டைப்பெட்டி சோதனை

கேஸ் கம்மியா, குளிரா என்று பிரித்தறிய சிலிண்டர் தேவையில்லை. ஒரு அட்டைப்பெட்டி போதும். கேஜைக் கண் எதிரில் வைத்துக்கொண்டு கண்டென்சரின் காற்று நுழையும் பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மறையுங்கள். முழுக்க ஒரேயடியாக மூடாதீர்கள். ஹை சைட் மெதுவாக ஏறும். 115 பிஎஸ்ஐ வந்ததும் அட்டையை அங்கேயே நிறுத்தி, கால் மணி நேரம் அப்படியே ஓட விடுங்கள். ஹை பிரஷர் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாத யூனிட்டில் பக்கத்தைவிட்டு நகராதீர்கள்.

நம் ரூமில் வந்த ரீடிங்: ஹை சைட் 115, அதாவது 34 டிகிரி. சக்ஷன் 21, அதாவது மைனஸ் 7.5. குழாய் மைனஸ் 1. சூப்பர் ஹீட் 6.5. சைட் கிளாஸ் தெளிந்துவிட்டது. ரூம் மெல்ல இறங்கத் தொடங்கியது. ஒரு கிராம் கேஸ்கூடப் போடவில்லை.

இதே சோதனையில் ஹை சைட் ஏறவே அடம்பிடித்தால், அல்லது 115 வந்த பின்னும் குமிழியும் 15 டிகிரி சூப்பர் ஹீட்டும் அப்படியே இருந்தால், அப்போது கேஸ் குறைவு. ஓட்டையைத் தேடுங்கள். குமிழி இல்லாமல் சூப்பர் ஹீட் மட்டும் உயரமாக இருந்தால் வால்வின் வலை அடைப்பு, பல்பு கேஸ் இழந்தது, ஸ்பிரிங் இறுகியது இவற்றைப் பாருங்கள். டிரையரின் இரு முனைகளையும் கையால் தொட்டுப் பார்ப்பதும் நல்ல பழக்கம். வெளி முனை கண்டிப்பாகக் குளிர்ந்து வியர்த்திருந்தால் அடைப்பு அங்கே.

குளிர் இரவில் ரீடிங்கை நம்பி அரை கிலோ போட்டால் என்ன ஆகும்? அன்று இரவு ஓரளவு சரியாகிவிடும், அதுதான் ஆபத்து. கூடுதல் திரவம் கண்டென்சரின் அடிக்குழாய்களில் தேங்கி, வெப்பம் விடும் பரப்பைக் குறைத்து, அழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும். பகல் 12 மணிக்கு வெயில் யூனிட் மேல் அடிக்கையில் அதே தேக்கம் ஹை சைடைத் தூக்கி, ஹை பிரஷர் ட்ரிப் ஆகும். இன்னொருவர் வந்து கேஸ் அதிகம் என்று வெளியே விடுவார். அடுத்த பனியில் மறுபடி கேஸ் கம்மி. வருடத்துக்கு ரெண்டு முறை இந்த நாடகம் நடக்கிற ரூம்கள் மலையில் உண்டு. கேஸ் அளவு பார்ப்பதென்றால் பகலில் பாருங்கள், இல்லையென்றால் அட்டை வைத்து 35 டிகிரிக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

## படி 7: நிரந்தரமாகச் சரிசெய்வது

அட்டைப்பெட்டி செய்த வேலையை ஒரு சுவிட்ச் செய்ய வேண்டும். ஒரு குதிரைத்திறன் யூனிட்டுக்கு என் தேர்வு, கண்டென்சர் ஃபேனை ஹை சைட் அழுத்தத்தால் ஓட்டி நிறுத்தும் சுவிட்ச். ஊட்டிக் கேஜ் கணக்கில் 130 பிஎஸ்ஐயில் ஃபேன் ஓடத் தொடங்கி 95-ல் நிற்கும்படி வைக்கலாம். கண்டென்சர் 28-லிருந்து 38 டிகிரிக்குள் ஊசலாடும். ஃபேன் நின்றிருக்கையில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், அழுத்தம் ஏறும், ஃபேன் மறுபடி சுற்றும். இடைவெளியை ரொம்பச் சுருக்கினால் ஃபேன் நிமிடத்துக்குப் பலமுறை ஏறி இறங்கி மோட்டாரைத் தின்னும்.

இந்த ஊசலாட்டம் வால்வுக்குப் பிடிக்காது. ஃபேன் திடீரென்று முழு வேகத்தில் சுற்றியதும் அழுத்தம் சரிந்து, திரவக் குழாயிலேயே கொஞ்சம் ஆவியாகிக் குமிழி வரும். கேரட் ரூமுக்கு அது பெரிய குறை இல்லை. கார்னேஷன் பூ, காளான் மாதிரி ஒரு டிகிரி ஏறினாலும் பொறுக்காத சரக்குக்கு, அழுத்தத்தைப் பார்த்து ஃபேன் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும் கன்ட்ரோலர் போடுவது மேல். அதற்கு ஏற்ற மோட்டாரா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய யூனிட்டுகளில் கண்டென்சரைத் திரவத்தால் வேண்டுமென்றே நிரப்பி அழுத்தத்தைக் காக்கும் வால்வு வைப்பார்கள். அதற்குப் பெரிய ரிசீவரும் நிறைய கூடுதல் கேஸும் வேண்டும், சின்ன ரூமுக்கு வீண் செலவு.

ஒன்று மறந்துவிடக்கூடாது. ஃபேன் நின்றாலும் மலைக்காற்று நிற்பதில்லை. சரிவைப் பார்த்த யூனிட்டில் வீசும் காற்றே ஃபேன் வேலையைச் செய்துவிடும், சுவிட்ச் இருந்தும் அழுத்தம் ஏறாது. காற்று வரும் திசையில், யூனிட்டிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு தகரத் தடுப்பு போடுங்கள். ஒட்டி வைத்தால் பகலில் மூச்சு முட்டும். மலையில் காற்றே மெலிந்தது, ஃபேன் அதே அளவு காற்றைத் தள்ளினாலும் எடையில் கடல் மட்டத்தின் முக்கால் பங்குதான். ஆகவே கண்டென்சரில் கேரட் மண்ணும் தூசியும் அடைந்தால் மதிய வெயிலில் உடனே தெரியும்.

(வீட்டு ஃப்ரிட்ஜ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பனிக்காலத்தில் ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் இளகுவது வேறு கதை. பல ஃப்ரிட்ஜ்களில் தெர்மோஸ்டாட் கீழறையை மட்டும் பார்க்கிறது. சமையலறையே 10 டிகிரியில் இருந்தால் கீழறை எப்போதும் குளிர்ந்திருக்கும், கம்ப்ரசர் ஓட அழைப்பே வராது, ஃப்ரீசர் பட்டினி. மெக்கானிக் வேண்டாம்.)

## படி 8: குழாயைத் திறந்தால்

ஓட்டை அடைத்தோ கம்ப்ரசர் மாற்றியோ கேஸ் புதிதாகப் போட வேண்டி வந்தால், முதலில் வேக்கம் இழுக்க வேண்டும். இங்கே மலை இன்னொரு வேலை காட்டும். கடல் மட்டத்தில் முழு வேக்கம் என்றால் கேஜ் ஏறத்தாழ 30 இஞ்சில் நிற்கும். ஊட்டியில் எப்பேர்ப்பட்ட பம்ப் போட்டாலும் 22.8 இஞ்சுக்கு மேல் போகாது, வெளிக்காற்றே அவ்வளவுதான். பம்ப் கெட்டுவிட்டது, எங்கோ லீக் என்று மணிக்கணக்கில் தேடுவதும் உண்டு, 23 வந்தாச்சு என்று உடனே நிறுத்திவிடுவதும் உண்டு. இரண்டும் தப்பு. மைக்ரான் கேஜ் வைத்து 500 மைக்ரானுக்குக் கீழே இழுத்து, பம்பை அடைத்து, ரீடிங் ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அது நேரடி அழுத்தத்தைக் காட்டும், மலை அதைப் பாதிக்காது.

ஆர்-134ஏ கம்ப்ரசர்களில் இருக்கும் பாலியால் எஸ்டர் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். மூடுபனி இறங்கும் நேரத்தில் குழாயைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பொருத்தும் கடைசி நிமிடம்வரை மூடி இருக்கட்டும், குழாயை ஒவ்வொரு முறை திறந்தாலும் டிரையரை மாற்றுங்கள்.

யூனிட்டை வெளியே வைத்திருந்தால் கம்ப்ரசரின் அடியில் எண்ணெயைச் சூடாக வைத்திருக்கும் கிராங்க் கேஸ் ஹீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேஸ் எப்போதும் இருப்பதிலேயே குளிர்ந்த இடத்துக்குத்தான் போய்ச் சேரும். ரூம் 2 டிகிரியில், வெளியே கம்ப்ரசர் 0 டிகிரியில் நின்றிருந்தால், இரவு முழுக்கக் கேஸ் மெல்லக் கம்ப்ரசர் எண்ணெய்க்குள் கரையும். காலையில் ஸ்டார்ட் ஆகும் கணம் எண்ணெய் நுரைத்துக்கொண்டு கிளம்பும், பேரிங் வறண்டு ஓடும். ஹீட்டருக்கு மெயின் கரண்ட் எப்போதும் இருக்க வேண்டும். ரூம் காலி என்று இரவில் மெயின் சுவிட்சை அணைத்தால் ஹீட்டரும் அணையும். அப்படி அணைத்துவிட்டீர்கள் என்றால் மறுபடி கம்ப்ரசரை ஓட்டுவதற்குச் சில மணி நேரம் முன்பே ஹீட்டரைப் போட்டுவிடுங்கள்.